அவளுக்கு வந்த எண் இருபத்தைந்து

திண்டுக்கல்லில் நாகல் நகர் மாடிவீட்டில் நாங்கள் குடியிருந்த காலம் அது. நான் ஊருக்கு வெளியே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். என் மனைவி ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருடம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்து இரண்டு முறையும் தோற்றிருந்தோம்.

அப்போது பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு நான் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எடுத்த தலைப்பு, பங்குகளின் கூடுதல் வருவாய்ப் புதிர். கல்லூரி ஓய்வறையில் யாராவது கேட்டால் தலைப்பைச் சொல்லிவிட்டு விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். விளக்கினது ஒருத்தியிடம் மட்டும்தான்.

ஆய்வுக்காக நான் தயாரித்த கேள்வித்தாளை முதலில் என் மனைவியிடம்தான் சோதித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் சமையல்மேடையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் தாளோடு நின்றேன்.

"ஒரு கேள்வி. ஒரு காசைச் சுண்டுறோம். தலை விழுந்தா நம்ம வீட்டுக்கு மாசம் நாப்பதாயிரம். பூ விழுந்தா இருபதாயிரம். ஆயுசுக்கும் அதுதான், வேற வருமானம் கிடையாது. சுண்ட வேண்டாம், நிச்சயமா ஒரு தொகை மாசாமாசம் தாரேன்னு ஒருத்தன் சொல்றான். குறைஞ்சபட்சம் எம்புட்டுக் குடுத்தா சுண்டாம வாங்கிக்குவ?"

"ஆயுசுக்குமா?"

"ஆயுசுக்கும்."

கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். நான் இருபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்தேன். வாங்கிக்கொள்வேன் என்றாள். இருபத்திரண்டு? வாங்கிக்குவேன். இருபத்தொன்று? அதற்கும் தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருபதாயிரத்து எண்ணூறு?"

"சரி."

"அறுநூறு?"

"சரிதான்."

"ஐந்நூறு?"

"ஐந்நூறுன்னா சுண்டிப் பாத்துரலாம்," என்று மறுபடி கத்தியை எடுத்தாள்.

"நாப்பதாயிரம் கிடைக்க சரிபாதி வாய்ப்பு இருக்கு. அதை அறுநூறு ரூவாய்க்கு விட்டுத் தர்றியா?"

"இங்க பாருங்க. வாடகை, அரிசி, பால், என் மாத்திரை, வண்டிக்குத் தவணை, எல்லாம் கூட்டினா இருபதுக்கு வருது. இருபது மட்டும் வந்துச்சுன்னா ஒரு காய்ச்சலுக்கு டாக்டர்கிட்டப் போக முடியாது. நாப்பது வந்தா சந்தோசம்தான். ஆனா இருபதுல மாட்டிக்கிட்டா மீள முடியாதுல்ல. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். மனிதர்களுக்கு இடர் மேல் உள்ள அச்சத்தை ஓர் எண்ணாகக் குறிக்கும் முறை எங்கள் துறையில் உண்டு. அச்சம் கூடக் கூட எண்ணும் கூடும். அந்த எண் இரண்டாக உள்ளவர் இந்தக் கேள்விக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம் கேட்பார். மூன்றாக இருந்தால் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். பாடப்புத்தகங்கள் இரண்டு, மூன்று, நாலு என்றுதான் சொல்லும். பத்துக்கு மேல் போனால் நம்பக்கூடாது என்பார்கள். அவள் சொன்ன இருபதாயிரத்து அறுநூறுக்கு இருபத்து நாலரை வந்தது. இருபத்தைந்து என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"உன்னைத்தான் அம்பது வருஷத்துக்கு மேல தேடிக்கிட்டு இருக்காங்க," என்றேன். அம்பது என்றது சும்மா ஒரு வேகத்தில் சொன்னது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புதிரை விளக்கினேன். அமெரிக்காவின் தொண்ணூறு வருடக் கணக்கில் விலைவாசியைக் கழித்தபிறகு பங்குகள் வருடத்துக்குச் சுமார் ஏழு சதவீதம் தந்திருக்கின்றன. அரசாங்கத்தின் குறுகியகாலப் பத்திரம் ஒரு சதவீதம்கூடத் தரவில்லை. இடைவெளி ஆறு. பங்கு ஏறி இறங்கும், அந்தப் பயத்துக்குக் கூலிதான் இந்த ஆறு என்று சொல்லலாம். ஆனால் வெறுமனே ஏறி இறங்குவது ஆபத்து ஆகாது. நமக்குக் கை இறுகுகிற நேரம் பார்த்து அதுவும் இறங்கினால்தான் ஆபத்து. நாட்டு மக்களின் செலவு வருடா வருடம் பெரிதாக ஆடுவதில்லை. பங்கோடு சேர்ந்து ஆடுவது அதைவிடக் குறைவு. அவ்வளவு சின்ன ஆபத்துக்கு ஆறு சதவீதக் கூலி வேண்டும் என்றால், மக்களின் அச்சம் இருபத்தைந்து அளவுக்கு இருக்கவேண்டும். அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால்தான் அது புதிர்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். "யாரோட செலவு ஆடல?"

"நாட்டோட சராசரி."

"சராசரி ஆடாதுங்க. ஒரு வகுப்புல பத்துப் பிள்ளைக பெயிலானாலும் சராசரி ரெண்டு மார்க்குதான் இறங்கும். பெயிலான பிள்ளைக்கு அப்படியா இருக்கும்?"

நான் ஆமாம் என்றேன். அதைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் சொன்னது காதில் விழுந்ததே தவிர எனக்குள் இறங்கவில்லை.

அந்த வருடம் நத்தத்தில் அவளுடைய அப்பாவின் மாந்தோப்பு விலைபோய் அவள் பங்குக்கு ஐந்து லட்சம் வந்தது. மூன்றாவது சிகிச்சைக்கு அது என்று இருவரும் பேசிக்கொண்டோம். கொஞ்சநாள் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச்சொல்லியிருந்தார் மருத்துவர். எனக்கும் ஆய்வேடு இருந்தது. இரண்டு வருடம் கழித்துச் செய்யலாம் என்று முடிவு செய்தது நான்தான். அதுவரை பணம் வங்கியில் சும்மா கிடக்கவேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

அதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஆறு சதவீத இடைவெளியை, பங்குகளின் ஆட்டத்தையும் நம் அச்சத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால், கையிலுள்ளதில் எவ்வளவு பங்கில் போடலாம் என்று வரும். என் அச்சத்தை மூன்று என்று வைத்துக்கொண்டேன். நூற்றுக்கு எழுபத்திரண்டு வந்தது. சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு நிதியில் மூன்று லட்சத்து அறுபதாயிரத்தைப் போட்டோம். மீதியை வங்கியில் வைத்தோம்.

"என் எண்ணுதான் இருபத்தஞ்சாச்சே," என்றாள் கையெழுத்துப் போடும்போது. "அதை வச்சுப் போட்டா எம்புட்டு வரும்?"

"ஒம்பது கூட வராது."

"அப்ப ஒம்பதைப் போடுங்களேன்."

"அது பயம். கணக்கு இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டாள். பணம் அவளுடையது. எண் என்னுடையது.

என் ஆய்வு நெறியாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அதிகம் பேசமாட்டார். சின்னாளபட்டி பக்கம் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் அறையில் ஒருநாள் இதைப் பெருமையாகச் சொன்னேன். எதற்கான பணம் என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறு சதவீதங்கறது தொண்ணூறு வருஷத்துச் சராசரி. உங்களுக்குப் பணம் எப்ப வேணும்?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் என்றேன். "ரெண்டு வருஷத்துக்குச் சராசரி கிடையாது," என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. 2020 ஜனவரியில் அந்தப் பணம் நாலு லட்சத்தைத் தொட்டிருந்தது. பொங்கல் விடுமுறையில் இருவரும் மதுரைக்குப் போய் மருத்துவரைப் பார்த்தோம். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது முடியப்போகிறது. மருத்துவர் ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, ஐந்துக்கு ஒன்று என்றார். ஐந்து பேர் செய்துகொண்டால் ஒருவருக்குத் தங்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

"பண்ணிரலாம் டாக்டர்," என்றாள் அவள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கொடைரோடு தாண்டியதும் கேட்டேவிட்டேன். "பாதிக்குப் பாதி காசு சுண்டப் பயந்தவ நீ. அஞ்சுல ஒண்ணுக்கு எப்படி உடனே சரின்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது வேறங்க. அதுல தோத்தா சோத்துக்கு இழுபறி. இதுல தோத்தா இப்ப எப்படி இருக்கோமோ அப்படியே இருப்போம். அது பழகிப்போச்சு."

அன்றே பணத்தை எடுத்திருக்கலாம். ஊசிகளைப் பிப்ரவரியில் ஆரம்பித்திருக்கலாம். மே மாதம் கல்லூரி விடுமுறை, ஆய்வேடும் அதற்குள் முடிந்துவிடும், அப்போது நிம்மதியாகச் செய்யலாம் என்று நான் சொன்னேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "நாலு மாசம்," என்றாள். பிறகு சரி என்றாள்.

மார்ச்சில் கல்லூரியை மூடினார்கள். அவள் பள்ளியையும் மூடினார்கள். சந்தை தினமும் சரிந்தது. நான் அவளிடம் தைரியமாகத்தான் பேசினேன். விழுந்தது எழும், நூறு வருடக் கணக்கு என் மேஜையில் இருக்கிறது என்றேன். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிவாக்கில் சந்தை விழுந்த வேகத்தில் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். அதே காலையில் கல்லூரி முதல்வரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு செய்தி வந்தது. நிர்வாகம் பாதிச் சம்பளம்தான் தர இயலும், அதுவும் எப்போது என்று சொல்ல இயலாது. அவள் பள்ளியிலிருந்து முந்தைய வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்கள், பள்ளி திறக்கும்வரை சம்பளம் இல்லை.

கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நாலு லட்சம் இரண்டரை லட்சமாகியிருந்தது. நாளைக்கு இரண்டாகும், அடுத்த வாரம் ஒன்றாகும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. என் ஆய்வேட்டில் எழுதியிருந்த ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. வாடகை நினைவுக்கு வந்தது. மதியத்துக்குள் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

விற்றபிறகுதான் அவளிடம் சொன்னேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஈரச்சேலை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எழும்னு சொன்னீங்களே."

"எழும். அதுவரைக்கும் தாங்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லம்மா."

சேலையைக் கொடியில் போட்டு ஓரங்களை இழுத்துவிட்டாள். நான் விற்ற நாள்தான் அந்த வீழ்ச்சியின் அடிமட்டம் என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து விற்றிருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வருடம் முடிவதற்குள் சந்தை பழைய உயரத்தைத் தாண்டிப் போயிற்று. இன்றைக்கு அன்றைய விலையைப்போல் மூன்று மடங்கு. அவளுக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஊரடங்கின்போது மருத்துவமனையில் அந்தச் சிகிச்சையை நிறுத்திவைத்திருந்தார்கள். சில மாதங்களில் மறுபடி ஆரம்பித்துவிட்டதாக அவளுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. மேஜைமேல் கைபேசியை எனக்குத் தெரிகிறாற்போல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போது அந்தப் பணம்தான் எங்கள் சம்பளம். அதிலிருந்துதான் மாதாமாதம் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சம்பளம் திரும்பட்டும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் அதற்குப்பின் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம், இரண்டாவது அலையில் எனக்குத் தொற்று வந்தது. மூச்சு முட்டியது. திண்டுக்கல்லில் எங்கும் படுக்கை கிடைக்காமல் அவள் ஆட்டோவிலும் ஆம்புலன்சிலுமாக என்னை மதுரைக்குக் கொண்டுபோனாள். பதினான்கு நாள் தனியார் மருத்துவமனை. நான் பிழைத்து வெளியே வந்தபோது அவளுடைய மாந்தோப்பில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

உடம்பு தேறியபின் ஒருமுறை நானே மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டேன். அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவள் ஏற்கனவே போன் செய்து விசாரித்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். "இப்ப நூத்துக்கு நாலு, அஞ்சுதானாம்," என்றாள். "போதும்ங்க." அன்றைக்கு அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ராத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் என்ன வைக்க என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஆய்வேட்டுக்குத் திரும்பினேன். முதலில் எழுதியிருந்த ஐந்தாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். எங்கள் மாவட்டத்தில் தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் வீடுகளில் அந்தக் காலத்துச் செலவைக் கேட்டுத் திரட்டினேன். நாட்டின் சராசரிச் செலவு மறைத்துவிடுவதை அந்த வீடுகள் காட்டின. பங்கு விழுந்த அதே மாதங்களில்தான் வேலையும் போயிருக்கிறது. வேலை போனதற்குக் காப்பீடு எதுவும் கிடையாது. எந்த வீட்டில் இடி விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த வீடுகளின் செலவை வைத்துக் கணக்குப் போட்டால், புதிருக்குத் தேவைப்படும் அச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்றுக்கு வரவில்லை. வந்ததாகக் காட்ட நான் முயலவும் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அவள் வந்திருந்தாள். அன்று வருகிறவர்களுக்கு டீயும் மிக்சரும் தரவேண்டும் என்பது வழக்கம், அந்த ஏற்பாட்டையெல்லாம் அவள்தான் செய்தாள். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கூர்மையான மனுஷி.

"உங்க ஐந்தாம் அத்தியாயம் எனக்குப் பிடிச்சிருக்கு," என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு சந்தேகம். இந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் பங்கே வாங்காதவங்க. பங்கோட விலையைத் தீர்மானிக்கறது வாங்கறவங்க. வாங்காதவங்க கஷ்டம் அந்த விலையில எப்படி இருக்கும்?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். அந்தப் பயம்தான் அவர்களை வாங்கவிடாமல் வைத்திருக்கிறது. வாங்குகிறவர்கள் குறைந்தால் இருக்கிற ஆபத்தையெல்லாம் அந்தக் கொஞ்சப்பேர் சுமக்கவேண்டும், அதற்குக் கூடுதல் கூலி கேட்பார்கள். அதனால் இது புதிரில் ஒரு பகுதிக்குத்தான் விடை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரு வீட்டில் வாங்கியிருந்தார்கள் மேடம்," என்றேன். "அவர்கள் செலவு சுருங்கிய அதே நாளில் விற்றார்கள்."

"அந்த வீட்டுக்காரரோட எண் எவ்வளவு வந்தது?"

"வாங்கும்போது மூன்று என்று சொன்னார். விற்கும்போது எவ்வளவு என்று கேட்கவில்லை."

அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். நெறியாளர் சிரிக்கவில்லை. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கைதட்டினார்கள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். காலிப் பாத்திரங்கள் இருந்த பை எங்கள் காலடியில் இருந்தது.

"அந்த வீடு நம்ம வீடுதான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வீடு வீடாப் போயிக் கேட்டீங்கள்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பேரு ஒண்ணும் போடலம்மா."

"பேரு இல்லாட்டி என்ன? எனக்குத் தெரியுமில்ல அது நாந்தான்னு." காலடியிலிருந்த பையை உள்ளே தள்ளிவைத்தாள். "கேட்டிருந்தா எழுத வேண்டாம்னு சொல்லிருப்பேன். எங்கிட்ட மிச்சம் இருந்தது அந்த வேதனை ஒண்ணுதான். அதையும் எடுத்து அத்தியாயமா ஆக்கிட்டீங்க."

மன்னித்துவிடு என்று சொன்னேனா, நினைத்தேனா என்று இன்றைக்குத் தெரியவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியதும் பையை நான் எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. முன்னால் நடந்தாள்.

அதன்பிறகு வீட்டில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம், வெளியே பார்க்கிறவர்களுக்கு. சமைத்தோம், சாப்பிட்டோம், அவரவர் வேலைக்குப் போனோம். ஆய்வேட்டின் கெட்டி அட்டைப் பிரதி ஒன்று அலமாரியில் இருந்தது. அவள் அதைத் தொட்டதில்லை. நானும் தொடச் சொன்னதில்லை.

போன வருடம் முழுப்பரீட்சை விடுமுறையில் ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அது அவள் மடியில் விரிந்திருந்தது. கையில் பென்சில். விடைத்தாள் திருத்துகிறவளைப்போல் ஒவ்வொரு வரியாகப் படித்து வந்திருக்கிறாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"இங்க வாங்க," என்றாள். "ரெண்டாம் அத்தியாயத்துப் பட்டியல். பங்கும் செலவும் சேந்து ஆடுறதை புள்ளி சைபர் ரெண்டு நாலுன்னு போட்டிருக்கீங்க. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு சைபரில்ல வரணும்?"

குனிந்து பார்த்தேன். ஆமாம். ஒரு சைபர் விட்டுப்போயிருந்தது. நெறியாளர் பார்க்கவில்லை, தேர்வாளர்கள் இருவரும் பார்க்கவில்லை, நாலு வருடமாக நானும் பார்க்கவில்லை.

"ஆறு சதவீதத்தை இதால வகுத்தா ரெண்டரைதான் வருது," என்றாள். "புதிரே இல்லாமப் போயிருது. எல்லாரும் சாதாரணமா, கொஞ்சமா பயந்தாப் போதும்."

பென்சிலால் அந்த இடத்தில் வட்டம் போட்டிருந்தாள். ஐந்தாம் அத்தியாயம் வரை வந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. பக்கங்களின் ஓரங்களைப் பார்த்தேன். பென்சில் குறி இரண்டாம் அத்தியாயம் வரைதான் இருந்தது. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது படிக்க.

"நூலகத்துல இருக்கற பிரதியிலயும் திருத்திட்டு வந்துருங்க," என்றாள். "பிள்ளைக எடுத்துப் படிக்கும்."

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். நூலகர் பேனாவால் எழுத அனுமதிக்கமாட்டேன் என்றார். திருத்தத்தைத் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தாள்.